மங்கிய எண்ணை ஊகித்து எழுத வேண்டாம்

சுவரில் ஒட்டிய காணி சுவீகரிப்பு அறிவித்தலைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதுவிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆட்சேபனைக்கான இறுதித் திகதி மங்கலாக இருக்கிறது. அது 13 ஆகவும் இருக்கலாம், 18 ஆகவும் இருக்கலாம். மொழிபெயர்ப்பவர் 18 என்று எழுதிவிட்டால், வாசிப்பவருக்கு அது ஊகம் என்று தெரியாது. உண்மையில் 13 என்றால் கடிதம் ஐந்து நாள் பிந்திவிடும். ஆகவே அந்த இடத்தில் “எண் தெளிவில்லை, 13 அல்லது 18” என்றே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். உறுதியாகும் வரை 13ஐயே கடைசி நாளாகக் கொள்ளுங்கள்.

படத்தைப் பெரிதாக்கினால் மங்கலும் பெரிதாகும், அவ்வளவுதான். திரும்பவும் போய்ப் பார்ப்பதே நல்லது. காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி இவ்வறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் காட்சிப்படுத்தப்பட வேண்டும். திகதி, வரைபட இலக்கம், காணித்துண்டு இலக்கம் ஆகியவை மூன்றிலும் ஒரே எண்களாக இருக்கும். சிங்களம் தெரியாதவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆங்கிலப் பிரதி கிடைத்தால் மொழிபெயர்ப்பே தேவையில்லை. தாள் கிழிந்தோ நனைந்தோ போயிருந்தால், பிரதேச செயலகக் காணிக் கிளையில் அதன் பிரதியைக் கேளுங்கள்.