ஐம்பது சார்ட், இரண்டு எண்கள்

நிஃப்டி பட்டியலில் 50 பங்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சார்ட்டையும் திறந்து, அதன்மேல் போலிஞ்சர் பேண்டைப் போட்டுப் பார்ப்பது பலரின் மாலை வேலை. பத்து சார்ட் தாண்டுவதற்குள் கண் ஏமாறத் தொடங்கிவிடும். காரணம் களைப்பு மட்டுமல்ல. சார்ட் மென்பொருள் எந்தப் பங்கின் விலையையும் திரையின் உயரம் முழுவதும் நிரம்பும்படி இழுத்துக் காட்டும். ஆறு மாதத்தில் 8 சதவீதம் அசைந்த பங்கும் 60 சதவீதம் அசைந்த பங்கும் பார்வைக்கு ஒரே அளவு மலையாகவும் பள்ளமாகவும் தெரியும். இதில் எந்த பேண்ட் உண்மையிலேயே குறுகியிருக்கிறது, எந்த விலை உண்மையிலேயே உச்சத்தில் நிற்கிறது என்று கண்ணால் ஒப்பிட வழியில்லை.

இந்த பேண்டை 1980களில் உருவாக்கியவர் ஜான் போலிஞ்சர் என்ற அமெரிக்கச் சந்தை ஆய்வாளர். அமைப்பு எளிது. கடைசி 20 நாள் முடிவு விலைகளின் சராசரி நடுக்கோடு. அந்த 20 விலைகளும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைச் சொல்லும் அளவு திட்ட விலக்கம். நடுக்கோட்டுடன் அதன் இரண்டு மடங்கைக் கூட்டினால் மேல் பேண்ட், கழித்தால் கீழ் பேண்ட். இந்த மூன்று கோடுகளிலிருந்து போலிஞ்சர் இரண்டு எண்களையும் எடுத்துக் கொடுத்தார். திரையில் அவை `%b`, `BandWidth` என்று தெரியும். நாம் சதவீத பி என்றும் பேண்ட் அகலம் என்றும் சொல்லிக்கொள்வோம்.

சதவீத பி, இன்றைய விலை இரண்டு கோடுகளுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்று சொல்கிறது. கீழ் பேண்டில் நின்றால் 0, நடுக்கோட்டில் 0.5, மேல் பேண்டில் 1. மேல் பேண்டைத் தாண்டினால் 1க்கு மேலும், கீழ் பேண்டுக்குக் கீழே போனால் கழித்தல் குறியோடும் வரும். பேண்ட் அகலம், மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் உள்ள இடைவெளி நடுக்கோட்டில் எத்தனை சதவீதம் என்று சொல்கிறது. எக்செல்லில் முடிவு விலைகள் B பத்தியில் இருந்தால் கணக்கு நான்கே வரிதான்:

```
C21: =AVERAGE(B2:B21)
D21: =STDEV.P(B2:B21)
E21: =(B21-C21+2*D21)/(4*D21)
F21: =4*D21/C21
```

E பத்தி சதவீத பி, F பத்தி பேண்ட் அகலம். இனி, கணக்குக்காக நாமே வைத்துக்கொண்ட மூன்று பங்குகளைப் பார்க்கலாம். 'அ' நிதானமாக நகரும் ஒரு சோப்பு நிறுவனம், 'ஆ' ஓர் உலோக நிறுவனம், 'இ' ஒரு சிறு ரசாயன நிறுவனம்.

| பங்கு | நடுக்கோடு (ரூ.) | கீழ் – மேல் பேண்ட் (ரூ.) | இன்றைய விலை (ரூ.) | சதவீத பி | பேண்ட் அகலம் |
|---|---|---|---|---|---|
| அ | 2,400 | 2,352 – 2,448 | 2,436 | 0.875 | 4% |
| ஆ | 150 | 142.50 – 157.50 | 153 | 0.70 | 10% |
| இ | 60 | 54 – 66 | 66.60 | 1.05 | 20% |

'அ' தன் சராசரியிலிருந்து 1.5 சதவீதம்தான் மேலே இருக்கிறது. 'ஆ' 2 சதவீதம் மேலே. ஆனால் சதவீத பி-யில் 'அ'தான் முந்துகிறது. வழக்கமாக அடக்கமாக நகரும் பங்குக்கு அந்த ஒன்றரை சதவீதமே பெரிய அசைவு. சதவீத பி ஒவ்வொரு பங்கின் அசைவையும் அதன் சொந்தச் சிதறலால் வகுத்துவிடுகிறது. அதனால் 2,400 ரூபாய்ப் பங்கையும் 60 ரூபாய்ப் பங்கையும் ஒரே பட்டியலில் வைத்து, இந்த எண்ணைக் கொண்டு நேரடியாக வரிசைப்படுத்தலாம்.

வரிசைப்படுத்திய பிறகு பலர் செய்யும் தவறு, 1ஐ நெருங்கிய பங்குகளை 'விலை ஏறிவிட்டது, விற்க வேண்டும்' என்று எடுத்துக்கொள்வது. ஒரு சின்னக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு பங்கு தினமும் ஒரே அளவு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஏறுகிறது என்று கொள்வோம். நாளுக்கு 1 ரூபாய் ஏறினாலும் சரி, 50 ரூபாய் ஏறினாலும் சரி, அதன் சதவீத பி எல்லா நாளும் 0.91தான். பரபரப்பே இல்லாத சீரான ஏற்றத்துக்கான எண் அது. ஆகவே 0.9 என்பது உச்சத்தின் அறிகுறி அல்ல. வலுவான ஏற்றத்தில் விலை வாரக்கணக்கில் மேல் பேண்டை உரசியபடியே நடக்கும். பேண்டைத் தொடுவது மட்டுமே வாங்குவதற்கோ விற்பதற்கோ சமிக்ஞை ஆகாது என்று போலிஞ்சரே வலியுறுத்தியிருக்கிறார்.

பேண்ட் அகலத்தின் சங்கதி வேறு. இதை அப்படியே எடுத்து 50 பங்குகளையும் வரிசைப்படுத்தினால் பட்டியல் பயன்படாது. 25 டிகிரி ஊட்டிக்கு வெயில், வேலூருக்குக் குளிர். அதுபோல 4 சதவீத அகலம் சோப்பு நிறுவனத்துக்குச் சாதாரணம், உலோக நிறுவனத்துக்கு அபூர்வம். நேரடியாக வரிசைப்படுத்தினால் நிதானமான பங்குகளே என்றும் பட்டியலின் முதலில் உட்கார்ந்திருக்கும். நாம் தேடுவது அதையல்ல. தன் வழக்கத்தைவிட அசைவு குறைந்து சுருண்டிருக்கும் பங்கைத்தான் தேடுகிறோம். சந்தையில் ஸ்குவீஸ் என்று சொல்லப்படும் அந்த இறுக்கத்துக்கு போலிஞ்சர் வைத்த அளவுகோல், பேண்ட் அகலம் ஆறு மாதத்தில் மிகக் குறைந்த நிலையைத் தொடுவது. ஆறு மாதம் என்றால் சந்தை நடக்கும் நாட்கள் ஏறத்தாழ 125.

எனவே அகலத்தை அந்தப் பங்கின் சொந்தச் சரித்திரத்தோடு ஒப்பிட இன்னொரு பத்தி வேண்டும்:

```
G145: =(F145-MIN(F21:F145))/(MAX(F21:F145)-MIN(F21:F145))
```

125 நாட்களின் மிகக் குறைந்த அகலம் 0, மிக அதிக அகலம் 1. நம் மூன்று பங்குகளுக்கு வருவோம். 'அ'வின் அகலம் ஆறு மாதத்தில் 3க்கும் 7க்கும் இடையே இருந்தது என்றால் இன்றைய 4 சதவீதம் 0.25 ஆகிறது. 'ஆ'வின் அகலம் 9.5க்கும் 34.5க்கும் இடையே இருந்தது என்றால் இன்றைய 10 சதவீதம் 0.02. 'இ' 12க்கும் 32க்கும் இடையே என்றால் 0.40. அகலத்தில் நடுவில் நின்ற 'ஆ'தான் உண்மையில் இறுகியிருக்கிறது. கண்ணுக்கு ஒல்லியாகத் தெரிந்த 'அ' வழக்கம்போல் இருக்கிறது.

இறுக்கத்துக்குப் பிறகு பெரும்பாலும் அசைவு கூடும். அடங்கிய காலமும் அலைபாயும் காலமும் மாறி மாறி வருவது சந்தையின் இயல்பு. ஆனால் எந்தப் பக்கம் என்று அகலம் சொல்லாது. அந்த எண்ணுக்குத் திசையே கிடையாது. நாளை 'ஆ' 159 ரூபாயில் முடிகிறது, 20 நாள் கணக்கிலிருந்து வெளியேறும் பழைய விலை 150 என்று வைத்துக்கொள்வோம். பேண்ட் அகலம் 10லிருந்து 11.25 சதவீதத்துக்கு விரியும். சதவீத பி ஏறத்தாழ சரியாக 1 ஆகும். நேற்றைய மேல் பேண்டான 157.50ஐ விலை நன்றாகவே தாண்டிவிட்டது. இருந்தும் எண் 1ஐ விட்டுப் போகவில்லை, ஏனென்றால் இன்றைய விலையே பேண்டையும் மேலே தள்ளிவிட்டது.

இந்த முதல் பாய்ச்சல் பொய்யாகவும் இருக்கலாம். மேலே பாய்ந்து ஆசை காட்டிவிட்டு, இரண்டு மூன்று நாளில் நடுக்கோட்டுக்குக் கீழே விழுந்து, பிறகு எதிர்த்திசையில் வேகமெடுக்கும் பங்குகள் உண்டு. இதற்கு போலிஞ்சர் வைத்த பெயர் ஹெட் ஃபேக். எண்களில் பார்த்தால், 1ஐத் தொட்ட சதவீத பி சீக்கிரமே 0.5க்குக் கீழே இறங்க, பேண்ட் அகலமோ குறையாமல் விரிந்துகொண்டே இருக்கும். திசையை அறிய அவர் கைகாட்டுவது விலையிலிருந்து பிறக்காத வேறு தகவலை, குறிப்பாக எத்தனை பங்குகள் கைமாறின என்னும் வால்யூமை.

பல சார்ட்டுகளை எண்ணால் சலிக்கும்போது இன்னொரு தொல்லை வரும். கண் உடனே பிடித்துவிடும் பிழையை எண் பிடிக்காது. ஒரு நிறுவனம் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் விலை பாதியாகும். பழைய விலைகளை அதற்கேற்பத் திருத்தாத தரவில், 19 நாள் 1,000 ரூபாய், இருபதாம் நாள் 500 ரூபாய் என்று நிற்கும். கணக்குப் போட்டால் சதவீத பி −0.59, பேண்ட் அகலம் 45 சதவீதத்தை ஒட்டி. பட்டியலில் அன்று அதுதான் மிக மோசமான பங்காகத் தெரியும், யாரும் ஒரு ரூபாய்கூட இழந்திருக்க மாட்டார்கள். இங்கே ஒரு வசதியும் உண்டு. 20 நாள், இரண்டு மடங்கு என்ற கணக்கில் சதவீத பி 1.59ஐத் தாண்டவோ −0.59க்குக் கீழே போகவோ முடியாது. இன்றைய விலையும் அந்த இருபதில் ஒன்று என்பதால் வரும் வரம்பு இது. இந்த எல்லையை ஒட்டி ஓர் எண் வந்தால் சந்தையைச் சந்தேகிக்கும் முன் தரவைச் சந்தேகிக்க வேண்டும்.

அதேபோல, ஒரு நிறுவனத்தின் பங்குகளைக் குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்வதாக ஓபன் ஆஃபர் வந்தால், விலை அதை ஒட்டியே நாள்கணக்கில் அசையாமல் நிற்கும். அகலம் ஆறு மாதக் குறைவைத் தொடும். இது வெடிக்கக் காத்திருக்கும் இறுக்கம் அல்ல, முடிவான விலை. அகலம் ஒரே நாளில் சட்டென்று சரிந்தாலும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் இன்று எதுவும் நடந்திருக்காது. 20 நாளுக்கு முந்தைய ஒரு பெரிய தாவல் கணக்கிலிருந்து விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

கடைசியாக, எத்தனை பங்குகள் இறுகியிருக்கின்றன என்பதையும் எண்ண வேண்டும். ஐம்பதில் இரண்டு மூன்று பங்குகளின் அகலம் மட்டும் 0ஐ ஒட்டியிருந்தால், அந்தந்த நிறுவனத்தில் ஏதோ காத்திருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. அந்தச் சார்ட்டுகளைத் திறந்து பார்க்கலாம். முப்பது பங்குகள் ஒரே நாளில் அப்படி நின்றால் அது முப்பது வாய்ப்பு அல்ல. மொத்தச் சந்தையும் அடங்கியிருக்கிறது என்ற ஒரே செய்தி முப்பது முறை வந்திருக்கிறது. அதை நம்பி முப்பதிலும் பணம் போடுபவர் உண்மையில் ஒரே பந்தயத்தில்தான் பணம் வைக்கிறார், அதன் திசையோ இன்னும் அவருக்குத் தெரியாது.