‘பட்டா’ என்று மட்டும் வந்தால்

கேள்வி கேட்டால் தானாகப் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் இன்று பல வாசல்களில் இருக்கின்றன. ஒரே மொழி மாதிரி இணையப் பக்கத்தில் பதில் தரும், வாட்ஸ்அப்பில் பதில் தரும், குறுஞ்செய்தியிலும் தரும். தொலைபேசியில் பேசுபவருக்கு அதே பதிலைக் குரலாக்கி வாசித்துக் காட்டும் ஏற்பாடும் உண்டு. ஆனால் பதிலை எழுதும் மாதிரியின் கைக்கு வந்து சேர்வது எழுத்துத் தொடர் மட்டுமே. கேட்டவர் கணினி முன் இருக்கிறாரா, பட்டன் போனில் இருக்கிறாரா, பைக்கில் போய்க்கொண்டே காதில் கேட்கிறாரா என்பதை யாராவது சொல்லி வைத்தால்தான் அதற்குத் தெரியும். சேவையை அமைத்தவர் முன்கூட்டியே ‘இது குரல் வழி, குறிகள் வேண்டாம்’ என்று குறிப்பு எழுதி வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. அந்தக் குறிப்பும் இல்லாமல், முன்பேச்சும் இல்லாமல், ‘பட்டா’ என்று ஒற்றைச் சொல் வந்து விழும்போதுதான் சிக்கல்.

அந்தச் சொல் எந்த வாசல் வழியாக வந்தது என்று அதை வைத்தே சொல்ல முடியுமா? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு சேவைக்கு வரும் 100 உரையாடல்களில் 60 இணையப் பக்கத்திலிருந்தும், 30 வாட்ஸ்அப்பிலிருந்தும், 10 தொலைபேசியிலிருந்தும் வருவதாக வைத்துக்கொள்வோம். மூன்று இடத்திலும் பத்தில் ஒருவர் ஒற்றைச் சொல்லோடு தொடங்குகிறார் என்றால், அப்படி வருபவை முறையே 6, 3, 1. விகிதம் அணுவளவும் மாறவில்லை. சொல்லைப் பார்ப்பதற்கு முன் நமக்கு எவ்வளவு தெரியுமோ, பார்த்த பின்னும் அவ்வளவுதான் தெரியும். ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் அரிதாகவும் காணப்படுவதுதான் தடயம். எல்லா இடத்திலும் ஒரே அளவில் காணப்படுவது எதையும் காட்டிக்கொடுக்காது. நிஜத்தில் இந்தப் பங்கு இடத்துக்கு இடம் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனாலும் அந்தச் சிறு வேறுபாட்டை நம்பிப் பதிலின் உருவத்தையே முடிவு செய்ய முடியாது.

இங்கே இரண்டு தவறான ஊகங்கள் எளிதில் வந்து ஒட்டிக்கொள்ளும். முதலாவது, ‘சுருக்கமாகக் கேட்டிருக்கிறார், எனவே போனில்தான் இருப்பார்’ என்பது. தேடுபொறியில் ஒரு சொல்லைப் போட்டுப் பழகியவர்கள் பெரிய திரையின் முன் உட்கார்ந்தும் அப்படியேதான் கேட்பார்கள். இரண்டாவது, ‘கேள்வியில் நட்சத்திரக்குறியோ தலைப்புக்குறியோ இல்லை, எனவே அவர் திரை அவற்றைக் காட்டாது’ என்பது. நீண்ட கேள்வியில் ஒருவர் பட்டியலும் நிரல் துண்டும் ஒட்டி, அவற்றுக்குரிய குறிகளையும் போட்டிருந்தால் அது வலுவான தடயம். ஒற்றைச் சொல்லில் அந்தக் குறிகளைப் போட இடமே இல்லை. இருக்க வாய்ப்பே இல்லாத ஒன்று இல்லாமல் போனதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

சொல் தமிழ் எழுத்தில் வந்திருக்கிறது என்பது ஒரு தடயம்தான். ஆனால் எந்த மொழியில் பதில் சொல்ல வேண்டும் என்பதற்குத்தான் அது உதவும். எந்தத் திரை என்பதை அது சொல்லாது. ‘பட்டா’ என்ற பொருளும் அப்படித்தான்: கேட்பவர் நில விவகாரத்தில் இருக்கிறார் என்று காட்டும், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

திரை தெரியாமல் பதில் எழுதினால் என்ன கெட்டுப்போகும்? பதில்களை அழகுபடுத்தப் பெரும்பாலும் பயன்படுவது மார்க்டவுன் என்ற குறிமுறை. 2004-ல் ஜான் குரூபர் வெளியிட்டது. அதில் எழுதிய ஒரு பதிலின் தொடக்கம் இப்படி இருக்கும்:

```
## பட்டா சேவைகள்
| சேவை | தேவை |
|---|---|
| **பார்வையிட** | பட்டா எண் |
```

இதைப் புரிந்துகொள்ளும் திரையில் தலைப்பும் கட்டம் போட்ட அட்டவணையும் தெரியும். குறுஞ்செய்தியில் மேலே கண்ட கோடுகளும் குறிகளும் அப்படியே போய் இறங்கும். வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்துக்கு ஒற்றை நட்சத்திரம்தான் வழக்கம், இரட்டை அல்ல. அட்டவணையும் அங்கே உருவாகாது. குரலாக வாசிக்கும்போது குறிகளை ஒவ்வொன்றாகப் படிக்கலாம், அல்லது விழுங்கிவிட்டு ‘சேவை தேவை பார்வையிட பட்டா எண்’ என்று ஒரே மூச்சில் ஓட்டலாம். இரண்டிலும் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். குறிகளே இல்லாத சாதாரண உரைநடை, அட்டவணை காட்டக்கூடிய திரைக்குப் போனால் நட்டம் என்ன? கொஞ்சம் அழகு குறையும். பதில் முழுதாகப் படிக்கும்படியே இருக்கும். ஒரு பக்கம் தவறினால் பதிலே குலைகிறது, மறுபக்கம் தவறினால் அலங்காரம் மட்டும் போகிறது. 60 பேருக்குத் திரை உண்டு என்று தெரிந்திருந்தும் உரைநடையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். நடுநிலை என்பது எந்த வாசலில் போய் விழுந்தாலும் உடையாத வடிவம்.

‘பட்டா’வுக்கு அப்படி ஒரு பதில் எழுதிப் பார்ப்போம்:

“நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கான வருவாய்த் துறைப் பதிவு பட்டா. அதை இணையத்தில் பார்க்க மாவட்டம், வட்டம், கிராமம், அதோடு பட்டா எண் அல்லது சர்வே எண் வேண்டும். பட்டாவைப் பார்க்க வேண்டுமா, பெயர் மாற்ற வேண்டுமா?”

இதில் ‘கீழே உள்ளதைச் சொடுக்கவும்’ இல்லை, ‘1-ஐ அழுத்தவும்’ இல்லை, ‘டைப் செய்யுங்கள்’ என்றும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு திரையையோ விசைப்பலகையையோ இருப்பதாக எடுத்துக்கொள்ளும் பேச்சு. தேவையான நான்கு விவரங்களும் எண் போட்ட பட்டியலாக இல்லாமல் ஒரே வாக்கியத்தில் வரிசையாக வருகின்றன. அதனால் காதில் கேட்டாலும் பிடிபடும்.

நீளமும் முக்கியம். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள் இடம் உண்டு. தமிழில் 70 மட்டுமே. அதிலும் ‘பட்டா’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக் கணக்கில் ஐந்து. புள்ளிக்கு ஒன்று, துணைக்காலுக்கு ஒன்று என்று தனித்தனியாக இடம் போகும். மேலே உள்ள பதிலின் முதல் வாக்கியமே ஒரு குறுஞ்செய்தியை ஏறக்குறைய நிரப்பிவிடும். முழுப் பதிலும் நான்கு துண்டுகளில் முடியும். பட்டா மாறுதல், உட்பிரிவு, சிட்டா, அடங்கல் என்று எல்லாவற்றையும் விரித்து எழுதியிருந்தால் இருபது துண்டைத் தாண்டியிருக்கும்.

இதற்காக ‘தயவுசெய்து விளக்கமாகக் கேளுங்கள்’ என்று மட்டும் திருப்பி அனுப்புவது நடுநிலை ஆகாது. கேட்டவர் வெறுங்கையோடு நிற்பார். பெரும்பாலானோருக்குத் தேவைப்படும் ஒரு தகவலைக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு வரும் மறுமொழியில் தடயமும் சேர்ந்தே வரும்.

அடுத்து, ‘பெயர் மாத்தணும் அப்பா இறந்துட்டார் நாலு பேர் வாரிசு என்ன பண்ணணும்’ என்று நிறுத்தற்குறியே இல்லாமல் ஒரே ஓட்டமாக வந்தால், பேச்சு எழுத்தாக மாறி வந்திருக்கலாம் என்று கொஞ்சம் சாயலாம். கொஞ்சம்தான், ஏனெனில் வாட்ஸ்அப்பிலும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ‘இதை டேபிளா போட்டுக் கொடுங்க’ என்று ஒருவர் சொன்னால் அவர் முன்னால் திரை இருப்பது ஏறக்குறைய உறுதி. அப்போது அட்டவணை தரலாம். இரண்டாவது, மூன்றாவது செய்தியில் பதிலின் வடிவத்தை மாற்றிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. முதல் செய்தியிலேயே பந்தயம் கட்டுவதுதான் தவறு.

இத்தகைய சேவையை அமைப்பவர்கள் தங்கள் பதில்களைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒற்றைச் சொல்லுக்கு வந்த பதிலை ஒரு சாதாரண போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பாருங்கள். பிறகு அதையே ஒருவரை வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டிலும் பொருள் தடுமாறாமல் வந்தால், எந்தத் திரை என்று தெரியாமலே அந்தப் பதிலை அனுப்பலாம்.