பெயரில் ஒட்டிய பூக்கள்

மதுரையில் ஒரு தையற்கடை, ஒரு சமூக வலைதளத்தில் புரொஃபைல் வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வோம். மேலே இப்படி இருக்கிறது:

```
✨💃 𝓣𝓪𝓲𝓵𝓸𝓻 💃✨
━━━━━━━━━━
✂️ பிளவுஸ் ✂️ சுடிதார்
📞 படத்தைப் பார்க்கவும் 👆👆👆
```

பார்வையற்ற ஒரு பெண் இதை ஸ்க்ரீன் ரீடரில் கேட்கிறார். அது திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருள். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ. எமோஜி ஒவ்வொன்றுக்கும் யூனிகோடில் ஒரு பெயர் உண்டு. ஸ்க்ரீன் ரீடர் அதைப் படம் என்று தாண்டிப் போகாமல், பெயர் சொல்லி வாசிக்கும். மினுமினுப்பு, ஆடும் பெண், அதன்பிறகுதான் கடைப்பெயர்.

அந்தப் பெயரிலும் சிக்கல். சாய்ந்து வளைந்த அந்த எழுத்துகள் அலங்கார ஃபான்ட் அல்ல. கணிதச் சமன்பாடுகளுக்காக 2001-இல் யூனிகோடில் சேர்த்த தனிக் குறியீடுகள். முதல் எழுத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் MATHEMATICAL BOLD SCRIPT CAPITAL T. சில மென்பொருள்கள் ஆறு எழுத்துக்கும் இந்த நீளத்தில் பெயர் சொல்லும். சில வாயே திறக்காமல் தாண்டிவிடும். இரண்டாவதுதான் மோசம் என்பேன்: கடைக்குப் பெயரே இல்லாமல் போகிறது, அது கேட்பவருக்குத் தெரியவும் தெரியாது. இத்தகைய எழுத்துகளைச் சாதாரண எழுத்தாக மாற்றிப் படிக்கும் வசதி 2024-இல் என்விடிஏவுக்கு வந்தது; ஆனால் பயன்படுத்துபவர் அமைப்புகளுக்குள் போய் அதை இயக்க வேண்டும். தமிழுக்கு இந்தக் கணித எழுத்துகள் கிடையாது. கடைப்பெயரைத் தமிழில் எழுதினாலே இந்தத் தொல்லை தீர்ந்தது.

எமோஜியை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். அறிமுகக் குறிப்பை ஒருவர் ஒருமுறைதான் கேட்பார். பெயரோ சில தளங்களில் ஒவ்வொரு பதிவின் தலையிலும், ஒவ்வொரு பின்னூட்டத்தின் முன்னும் வரும். பெயரில் நான்கு எமோஜி இருந்து, பத்துப் பின்னூட்டங்களுக்குக் கடைக்காரர் பதில் சொல்லியிருந்தால் நாற்பது தடவை கேட்டாக வேண்டும். குறிப்பின் கடைசியில் ஒரு கத்தரிக்கோல் இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. வரிக்கு வரி புள்ளிக்குப் பதிலாக அதையே வைத்தால் ‘கத்தரிக்கோல் பிளவுஸ் கத்தரிக்கோல் சுடிதார்’ என்று ஒலிக்கும். கோடு கிழித்த வரிக்கு ஒரு வெற்று வரி போதும்.

இனி படம். தொலைபேசி எண் அட்டைப் படத்துக்குள் அச்சாகியிருக்கிறது. விரல் மேலே காட்டுகிறது. எண்ணை எழுத்தாகவே குறிப்பில் போடுவதுதான் சரி. பார்வையுள்ளவரும் அதைத் தொட்டுப் பிரதியெடுக்கலாம்.

ஃபேஸ்புக் 2016 முதல் படங்களுக்குத் தானாகவே விவரிப்பு சேர்க்கிறது. ‘ஒருவர் இருக்கலாம்’ என்ற அளவில்தான் அது பெரும்பாலும் நிற்கும். நாமே எழுதுவதற்கு Alt text என்ற இடம் இருக்கிறது. அதில் ‘என் புதிய வேலை’ என்று எழுதுவதால் பயனில்லை. ‘படத்தில்’ என்று தொடங்கவும் வேண்டாம். படம் என்பதை ஸ்க்ரீன் ரீடரே சொல்லிவிடும். தையற்கடைக்கு இப்படி எழுதலாம்: ‘வெளிர்மஞ்சள் பட்டுப் பிளவுஸ். முதுகில் ஆழமான வட்டக் கழுத்து, கட்டிக்கொள்ளக் கயிறு, நுனியில் குஞ்சம். முழங்கை வரை கை, ஓரத்தில் இரண்டு விரல் அகல ஜரிகை.’ இதைக் கேட்டு ஒருவர், ‘அதே மாதிரி, ஆனால் கழுத்து ஆழம் குறைவாக’ என்று சொல்லித் தைக்கக் கொடுக்கலாம். பின்னணியில் இருக்கும் சுவரின் நிறம் யாருக்கு வேண்டும்?

சில தளங்களில் புரொஃபைல் படத்துக்கு விவரிப்பு எழுத இடம் இருக்காது. அங்கே முக்கியமானதைக் குறிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். திருத்திய பக்கம் இப்படி வரும். இதன் கீழே நான்காவது வரியாகக் கடையின் எண்ணைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்:

```
மதுரை தையலகம்
பிளவுஸ், சுடிதார் தைத்துத் தருகிறோம்.
காலை 10 முதல் இரவு 8 வரை. ஞாயிறு விடுமுறை ✂️
```

பக்கத்தோடு விலைப்பட்டியல் பிடிஎஃப் இணைப்பவர்களுக்கு ஒன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல் அங்கே `jkpo;` என்றுதான் கிடக்கும், ஸ்க்ரீன் ரீடர் அதைத்தான் படிக்கும். ஒரு வரியைப் பிரதியெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பக்கத்தைக் காதால் கேட்டுப் பார்க்க டாக்பேக் போதும். அமைப்புகளில் Accessibility பகுதியில் இருக்கும். இயக்கியதும் போனின் பழக்கமே மாறிவிடும்: ஒருமுறை தொட்டால் படிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும்; வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததற்குப் போகும். பதறிவிட வேண்டாம். பெரும்பாலான போன்களில் ஒலியைக் கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்துச் சில விநாடி அழுத்தினால் நின்றுவிடும். அந்தக் குறுக்குவழி உங்கள் போனில் இயங்குகிறதா என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)