75 சதவீதம் சொல்லும் பொய்

பில்களைத் துழாவி, எதோடு எது விற்கிறது என்று விதி எழுதும் முறையை 1993-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் ராகேஷ் அகர்வாலும் இரு சகாக்களும் முன்வைத்தார்கள். அதற்கு இரண்டு அளவுகோல்கள்.

ஒரு கடையில் 1,000 பில்கள் என்று வைத்துக்கொள்வோம். டீத்தூள் 200 பில்களில் இருக்கிறது. அவற்றில் 150-இல் பாலும் உண்டு. இரண்டும் சேர்ந்து வருவது மொத்தத்தில் 15 சதவீதம், இது ‘சப்போர்ட்’. டீத்தூள் வாங்கியவர்களில் பாலும் எடுத்தவர்கள் 75 சதவீதம், இது ‘கான்ஃபிடன்ஸ்’. சப்போர்ட் மிகக் குறைந்தால் அந்த ஜோடி தற்செயலாகவும் இருக்கலாம் என்று முதலிலேயே கழித்துவிடுவார்கள்.

75 என்றதும் முதலாளி டீத்தூளைப் பால் பக்கம் நகர்த்தக் கிளம்பிவிடுவார். பொறுங்கள்!

மொத்த பில்களில் 800-இல் பால் இருந்தால்? சும்மா வருபவரே 80 சதவீதம் பால் வாங்குகிறார். டீத்தூள்காரர் அதைவிடக் குறைவு. 75-ஐ 80-ஆல் வகுத்தால் சுமார் 0.94, ஒன்றுக்குக் கீழே போனால் அந்த உறவு எதிர்த்திசையில் இருக்கிறது.