90 நாள் கடனுக்குச் சரக்கு அனுப்புமுன்

கரூரிலிருந்து ஹாம்பர்க்கில் உள்ள ஒருவருக்கு 40,000 யூரோ மதிப்புள்ள படுக்கை விரிப்புகள் போவதாக வைத்துக்கொள்வோம். "பணம் 90 நாள் கழித்துத்தான்" என்கிறார் அவர். வெறும் இன்வாய்ஸை நம்பி அனுப்பினால், தவணை வரும்போது சாயம் போகிறது, எண்ணிக்கை குறைகிறது என்று அவர் இழுத்தடிக்கலாம். அதனால்தான் மாற்றுச்சீட்டு எழுதுகிறார்கள்.

இதை எழுதுபவர் விற்பவர். இன்ன தேதியில் இவ்வளவு தொகை கொடுக்கவும் என்று எழுதி, பில் ஆஃப் லேடிங்கையும் சேர்த்துத் தம் வங்கி மூலம் ஹாம்பர்க் வங்கிக்கு அனுப்புவார். வாங்குபவர் சீட்டை ஏற்றுக் கையெழுத்திட்ட பிறகே கப்பல் ஆவணங்கள் அவர் கைக்குப் போகும். பிறகு அவர் பணம் தராவிட்டால், ஜெர்மனியில் இந்தச் சீட்டுக்கென்றே விரைவு வழக்குமுறை உண்டு. அதில் சாயம் போனதற்குச் சாட்சிகளை வரிசையாக நிறுத்த முடியாது.

தேதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தூத்துக்குடியில் மார்ச் 1 அன்று சரக்கு ஏறுகிறது. 'பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 90 நாள்' என்று எழுதினால் மே 30 அன்று பணம் வர வேண்டும். 'பார்த்ததிலிருந்து 90 நாள்' என்று எழுதினால், கப்பல் வந்து சேரும்வரை காத்திருந்து ஏப்ரல் 5 அன்று கையெழுத்திடுவார். தவணை ஜூலை 4-க்குப் போய்விடும். அந்த 35 நாள் வட்டி உங்கள் தலையில்.

கையெழுத்திட்டவர் திவாலானால் சீட்டு இருந்தும் பயனில்லை. எனவே புதிய வாடிக்கையாளர் என்றால், அவருடைய வங்கியும் அதே சீட்டில் 'அவால்' என்னும் உத்தரவாதக் கையெழுத்திட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். கட்டணம் யாருடையது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

புரோநோட்டு என்றால் எழுதுபவர் வாங்குபவர். கொடுக்கிறேன் என்று அவரே உறுதி தருகிறார். தவணைக்கு முன்பே சீட்டை நிதி நிறுவனத்துக்கு விற்கப் போகிறவருக்கு இதில் ஒரு லாபம் உண்டு. ஜெர்மன் சட்டப்படி மாற்றுச்சீட்டை எழுதியவர் பணத்துக்கான பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. புரோநோட்டையோ, 'என்மேல் பொறுப்பில்லை' என்று பின்புறம் எழுதிக் கைமாற்றலாம். வாங்குபவர் ஏமாற்றினாலும் அந்த நிறுவனம் சீட்டை வைத்து உங்களிடம் பணம் கேட்க முடியாது.

பணம் வராதபோது நோட்டரி முன் 'புரோட்டஸ்ட்' பதிய வேண்டும். தேதி குறித்த சீட்டுக்கு ஜெர்மனியில் அதற்குக் கெடு, தவணை நாளுக்கு அடுத்த இரண்டு வேலை நாள்கள். தவறினாலும் ஏற்றவர் மீதான உரிமை போகாது. கைமாற்றியவர்கள் மீதான உரிமை போய்விடும். சொல்லாவிட்டால் வங்கி தானாகப் புரோட்டஸ்ட் செய்யாது. ஆவணங்களைக் கொடுக்கும் அன்றே, உங்கள் வங்கிக்குத் தரும் கடிதத்தில் அதை எழுதிவிடுங்கள்.