முதலில் வாய் திறந்தவருக்கு அபராதம் இல்லை

டார்ச் லைட்டிலும் சுவர்க் கடிகாரத்திலும் போடும் பேட்டரியை இந்தியாவில் பெரும்பாலும் எவரெடி, நிப்போ, பானசோனிக் என்ற மூன்று நிறுவனங்களே விற்றுவந்தன. 2016 ஆகஸ்டில் இவற்றின் அலுவலகங்களில் இந்தியப் போட்டி ஆணையம் சோதனை போட்டது. மூன்றும் பல ஆண்டுகளாகக் கூடிப் பேசி விலையை உயர்த்தி வந்தன என்று 2018 ஏப்ரலில் ஆணையம் தீர்ப்பளித்தது. எவரெடிக்கு சுமார் 171 கோடி ரூபாய் அபராதம். நிப்போ தயாரிக்கும் இந்தோ நேஷனலுக்கு சுமார் 42 கோடி. பானசோனிக்குக்கோ ஒரு ரூபாய்கூட இல்லை. கூட்டுச் சதியை ஆணையத்திடம் முதலில் போய்ச் சொன்னது அந்த நிறுவனம்தான்.

கூட்டாளி ஏன் கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தார்? இதற்கான விடை 1950-ல் அமெரிக்கக் கணித அறிஞர்கள் உருவாக்கிய 'கைதிகளின் இக்கட்டு' என்ற கதையில் இருக்கிறது. இரண்டு கூட்டுக் குற்றவாளிகளைத் தனித்தனி அறையில் அடைத்து விசாரிக்கிறார்கள். இருவரும் வாய் திறக்காவிட்டால் ஆளுக்கு ஓராண்டு சிறை. ஒருவர் மட்டும் ஒப்புக்கொண்டால் அவருக்கு விடுதலை, மற்றவருக்குப் பத்தாண்டு. இருவருமே ஒப்புக்கொண்டால் ஆளுக்கு ஐந்தாண்டு. அடுத்த அறையில் இருப்பவர் என்ன செய்தாலும், ஒப்புக்கொள்பவருக்குத்தான் தண்டனை குறைவு. அதனால் இருவருமே ஒப்புக்கொண்டு, ஓராண்டில் முடிந்திருக்க வேண்டியதற்கு ஐந்தாண்டு உள்ளே இருக்கிறார்கள்.

அதே விலைப் போட்டியைக் கற்பனைக் கணக்கில் பார்ப்போம். இரண்டு நிறுவனங்கள் பேசி வைத்த உயர்ந்த விலையில் விற்றால் ஆளுக்கு ஆண்டுக்கு 10 கோடி லாபம். ஒன்று மட்டும் விலையைக் குறைத்தால் வாடிக்கையாளர்களை அள்ளிக்கொண்டு 14 கோடி சம்பாதிக்கும், மற்றதுக்கு 2 கோடிதான் மிஞ்சும். இரண்டுமே குறைத்தால் ஆளுக்கு 5 கோடி. எதிராளி வாக்கைக் காப்பாற்றினால் 10-ஐவிட 14 மேல், காப்பாற்றாவிட்டால் 2-ஐவிட 5 மேல். எப்படிப் பார்த்தாலும் விலையைக் குறைப்பதுதான் லாபம். அந்த 5-க்கு 5 என்ற இடத்துக்கு வந்தபின், தனியாக முடிவை மாற்றிக்கொண்டு யாரும் முன்னேற முடியாது. இதுதான் நாஷ் சமநிலை. இந்தக் கருத்தை முன்வைத்த ஜான் நாஷுக்கு 1994-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. சமநிலை என்றால் எல்லாருக்கும் நல்ல முடிவு என்று பொருளல்ல. தனி ஒருவரால் அதைவிட்டு நகர முடியாது என்பதே பொருள்.

அப்படியானால் பேட்டரி நிறுவனங்கள் எப்படிப் பல ஆண்டுகள் ஒத்துப்போயின? கைதிகள் ஒரு முறைதான் முடிவெடுக்கிறார்கள்; நிறுவனங்களோ ஒவ்வோர் ஆண்டும் சந்தையில் சந்தித்துக்கொள்கின்றன. நம் கணக்கில் இந்த ஆண்டு ஏமாற்றினால் 4 கோடி கூடுதல் லாபம். எதிராளியும் விலையைக் குறைத்துப் பழிவாங்கினால் அடுத்த ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் 5 கோடி நஷ்டம். நாளையை எண்ணிப் பார்ப்பவர் இன்று ஏமாற்ற மாட்டார்.

ஆனால் இந்தப் பயம் வேலை செய்ய, ஏமாற்றியவர் பிடிபட வேண்டும். பேட்டரியின் அதிகபட்ச விலை மேலுறையிலேயே அச்சாகிறது, யாரும் பார்க்கலாம். மொத்த வியாபாரிக்கும் கடைக்காரருக்கும் தரும் கழிவு அப்படியல்ல. அச்சிட்ட விலையைத் தொடாமலே கழிவைக் கூட்டிப் போட்டியாளரின் இடத்தைப் பிடித்துவிடலாம். அதனால்தான் இந்நிறுவனங்கள் விலையோடு நிற்காமல் வியாபாரிகளின் கழிவையும் பேச வேண்டியிருந்தது. விற்பனை சரியும்போது சிக்கல் இன்னும் பெரிது. மக்கள் வாங்குவது குறைந்ததா, எதிராளி ரகசியமாகக் கழிவு கொடுக்கிறாரா என்று பிரித்தறிய முடியாது. சந்தேகத்திலேயே பழிவாங்கல் தொடங்கிவிடும். கூட்டாளிகள் கூடக்கூட, கண்காணிப்பதும் கடினமாகும்.

இந்தச் சந்தேகத்தைத்தான் சட்டம் பயன்படுத்துகிறது. விதிகளின்படி, போட்டி ஆணையத்திடம் முதலில் வந்து முக்கியத் தகவல் தருபவருக்கு 100 சதவீதம் வரையிலும், இரண்டாவதாக வருபவருக்கு 50 சதவீதம் வரையிலும், மூன்றாமவருக்கு 30 சதவீதம் வரையிலும் அபராதம் தள்ளுபடியாகலாம். ஒவ்வொரு நிறுவனமும் அந்தத் தனி அறைக் கைதி ஆகிவிடுகிறது. சோதனைக்குப் பிறகு வந்து ஒத்துழைத்த எவரெடிக்கு 30 சதவீதமும், நிப்போவுக்கு 20 சதவீதமும்தான் குறைந்தன.

கைதிகளுக்குத் துயரமாக முடியும் இந்தக் கணக்கு, கடையில் காசு கொடுப்பவருக்கு நன்மையாகவே முடிகிறது. விற்பவர்கள் ஒருவரை ஒருவர் முழுதாக நம்ப முடியாதவரைதான் பொருளின் விலை நியாயமாக இருக்கும். அந்த நம்பிக்கை வளராமல் பார்த்துக்கொள்வதே போட்டிச் சட்டத்தின் வேலை.