எல்லாமே ‘எச்சரிக்கை’ என்றால்

தகடு வெட்டும் பவர் பிரஸ் ஒன்றில் பொதுவாக நான்கைந்து ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். ராம் இறங்கும் இடத்தில் ஒன்று, பக்கத்தில் சுழலும் ஃபிளைவீலுக்கு அருகில் ஒன்று, மோட்டாரின் மேல் ஒன்று, எண்ணெய் ஊற்றும் வாயருகே ஒன்று. இறக்குமதியான இயந்திரமாக இருந்தால் இவற்றின் தலைப்பில் டேஞ்சர், வார்னிங், காஷன், நோட்டீஸ் என்று நான்கு வெவ்வேறு சொற்கள் பெரிய எழுத்தில் இருக்கும். தமிழுக்கு வரும்போது இந்த நான்கும் பல நேரம் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன. எல்லாவற்றின் தலையிலும் ‘எச்சரிக்கை’ என்றே அச்சடித்துவிடுவதும் உண்டு. அப்போது விரலைத் துண்டாக்கும் இடமும் எண்ணெய் ஊற்றும் இடமும் தொழிலாளியிடம் ஒரே குரலில் பேசுகின்றன.

அந்த நான்கு சொற்களும் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. அமெரிக்காவின் ‘ஆன்சி’ இசட்535.4 தரநிலை ஒவ்வொன்றுக்கும் வரையறை வைத்திருக்கிறது. ஆளுக்குக் காயம் ஏற்படுத்தும் முதல் மூன்று படிகளும் உலகத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 3864-லும் உள்ளவை. தவிர்க்காவிட்டால் மரணமோ படுகாயமோ நேர்ந்தே தீரும் என்றால் டேஞ்சர். அதன் நிறம் சிவப்பு. அதே மரணமோ படுகாயமோ நேர வாய்ப்பு உண்டு என்றால் வார்னிங், ஆரஞ்சு நிறத்தில். சிறு காயமோ நடுத்தரக் காயமோ நேரலாம் என்றால் காஷன், மஞ்சளில். ஆளுக்குக் காயமில்லை, இயந்திரமோ பொருளோ கெடும் என்றால் நோட்டீஸ், நீலத்தில்.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. முதல் இரண்டு படிகளிலும் காயத்தின் அளவு ஒன்றேதான். நேருமா, நேரலாமா என்பதுதான் வேறுபாடு. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கும்போது ‘நேரலாம்’ அப்படியே நிற்க, காயத்தின் அளவு குறைகிறது. மொழிபெயர்ப்பாளர் காப்பாற்ற வேண்டியது இந்த இரண்டு வேறுபாடுகளையும்தான்.

குழப்பம் தலைப்புச் சொல்லிலேயே தொடங்குகிறது. வார்னிங், காஷன் இரண்டுக்கும் அகராதிகள் ‘எச்சரிக்கை’ என்கின்றன. முதல் ஸ்டிக்கரை ஒருவரும் கையேட்டை வேறொருவரும் மொழிபெயர்த்தால் ஒரே டேஞ்சர் ஓரிடத்தில் ‘ஆபத்து’, இன்னோரிடத்தில் ‘அபாயம்’, மூன்றாவதில் ‘எச்சரிக்கை’ ஆகிவிடுகிறது. படிப்பவர் இவை மூன்றும் மூன்று அளவுகள் என்று நினைக்கவும் இடமுண்டு.

உச்சப் படிக்கு ‘அபாயம்’ பொருத்தமானது. மின்மாற்றியிலும் உயரழுத்தக் கம்பத்திலும் மண்டையோட்டுப் படத்தோடு தமிழ்நாட்டார் பார்த்துப் பழகிய சொல் அது. உள்ளூர் மொழியிலும் அந்தப் பலகை இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் சொல்லின. ரயிலில் ‘அபாயச் சங்கிலி’யும் அதே தொனியில்தான் வருகிறது. ‘ஆபத்து’ தவறில்லை, ஆனால் பணமுடையிலிருந்து நோய்வரை பேச்சில் எல்லாவற்றுக்கும் புழங்கி அதன் கூர் மழுங்கியிருக்கிறது. இரண்டாம் படிக்கு ‘எச்சரிக்கை’யை ஒதுக்கிவிட்டால், மூன்றாம் படிக்கு ‘கவனம்’ நன்றாகப் பொருந்துகிறது. பிரெஞ்சிலும் ஜப்பானியத்திலும்கூட இந்தப் படியில் ‘கவனம்’ என்ற பொருளுள்ள சொல்லே நிற்கிறது. ‘முன்னெச்சரிக்கை’ இங்கே சரிவராது. அது புயலுக்கு முன் செய்யும் ஏற்பாட்டைக் குறிக்கிறது, கண்ணெதிரே இருக்கும் சூட்டை அல்ல. ‘ஜாக்கிரதை’ என்றாலோ நாய் இருக்கும் வீட்டு வாசல்தான் நினைவுக்கு வரும். நான்காவதுக்குக் ‘குறிப்பு’ போதும். இந்தத் தேர்வை யாராவது மறுக்கலாம். மறுத்தாலும் வேறு நான்கு சொற்களை முடிவுசெய்து, ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் பயிற்சி வகுப்பிலும் அவற்றையே விடாமல் பயன்படுத்த வேண்டும்.

தலைப்பைப் பிரித்துவிட்டால் மட்டும் போதாது, கீழே வரும் வாக்கியமும் அந்தப் படியிலேயே நிற்க வேண்டும். அந்த பவர் பிரஸ் பழைய வகை, சாவிக் கிளட்ச் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். அதில் பெடலை ஒருமுறை மிதித்தால் ராம் கீழிறங்கி மேலேறி முழுச் சுற்றையும் முடிக்கும். நடுவில் நிறுத்த வழியில்லை. டைக்குள் கை இருந்தால் தப்பிக்க வாய்ப்பே இல்லை. ஆனால் தமிழ் ஸ்டிக்கர் எழுதும் பலருக்குக் கை தானாக ‘லாம்’ விகுதிக்குப் போகிறது. ‘கவனமாக இயக்கவும், காயம் ஏற்படலாம்’ என்பதில் எந்தக் காயம் என்பதும் இல்லை, எதைச் செய்யக்கூடாது என்பதும் இல்லை. திருத்தி எழுதினால் இப்படி வரும்: ‘அபாயம். டைக்குள் கையை விடக்கூடாது. ராம் இறங்கினால் விரல்கள் துண்டாகும்.’ இங்கே ‘ஆகும்’ என்ற வினைமுற்றுதான் டேஞ்சருக்குரிய உறுதியைச் சுமக்கிறது.

ஃபிளைவீல் ஸ்டிக்கர் அடுத்தது. மோட்டாரை அணைத்த பின்னும் அந்தக் கனமான சக்கரம் வெகுநேரம் சுழன்றுகொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாராவது பெடலை மிதித்துவிட்டால் ராம் இறங்கிவிடும். மின்சாரம் இல்லை என்று நம்பி டையைச் சரிசெய்யக் குனிபவர் மாட்டிக்கொள்வது இப்படித்தான். மிதிக்கலாம், மிதிக்காமலும் போகலாம் என்பதால் இது வார்னிங்: ‘எச்சரிக்கை. மோட்டாரை அணைத்த பிறகும் சக்கரம் சுழலும். அது முழுதாக நின்ற பிறகே டையைத் தொடவும். கை துண்டாகலாம்.’ மேலே ‘துண்டாகும்’, இங்கே ‘துண்டாகலாம்’. காயம் அதே, உறுதி வேறு.

மோட்டாருக்கு ‘கவனம். மோட்டார் சூடாக இருக்கும். தொட்டால் தோல் சுடலாம்’ என்று போடலாம். எண்ணெய் வாய்க்கு ‘குறிப்பு. கையேட்டில் சொன்ன எண்ணெயை மட்டும் ஊற்றவும். வேறு எண்ணெய் பேரிங்கைக் கெடுக்கும்’ போதும். ஸ்டிக்கரின் அளவுக்குள் தமிழ் அடங்கவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்குவதைவிடச் சொற்களைக் குறைப்பதே நல்லது. ‘தயவுசெய்து’வைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் அக்கறையாலேயே செய்யும் தவறு ஒன்றும் இருக்கிறது. எதற்கும் கூடுதலாகவே பயமுறுத்தி வைப்போம் என்று சூடான மோட்டாருக்கும் ‘அபாயம்’ போட்டுவிடுகிறார்கள். தொழிலாளி அந்த மோட்டாரில் தினமும் கை வைக்கிறார். கொஞ்சம் சுடுகிறது, வேறொன்றும் ஆவதில்லை. அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள் என்று அவர் கற்றுக்கொள்கிறார். பிறகு டையின் மேல் அதே ‘அபாயம்’ இருக்கும்போது அதற்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? மிகக் கொடிய நிலைகளுக்கு மட்டுமே டேஞ்சர் என்று அமெரிக்கத் தரநிலை வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நிறம் காப்பாற்றிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பிரஸ் கடையில் எண்ணெயும் தகட்டுத் தூசியும் சேர்ந்து சிவப்பையும் ஆரஞ்சையும் ஒரே பழுப்பாக்கிவிடும். கையேட்டின் நகல் கறுப்பு வெள்ளையில் சுற்றும். நிறம் போன பிறகு எஞ்சுவது சொல்லும் வினைமுற்றும்தான்.

ஆகவே அச்சடிக்கும் முன் சோதிப்பது சுலபம். நான்கு வாசகங்களையும் நிறமில்லாமல், ஒரே அளவுத் தாள்களில் எழுதி, வரிசையைக் கலைத்து, அந்த இயந்திரத்தை இயக்குபவர்களிடம் கொடுத்து, மிக மோசமானது எது, அடுத்தது எது என்று அடுக்கச் சொல்ல வேண்டும். பாதுகாப்புப் படக்குறிகளுக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் அளவு இங்கேயும் உதவும்: 85% பேர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், நேர்மாறாகப் புரிந்துகொள்பவர்கள் 5%-ஐத் தாண்டக்கூடாது. ‘அபாயம்’, ‘எச்சரிக்கை’ இரண்டும் இடம் மாறினால் வினைமுற்றைத் திருத்த வேண்டும். ‘எச்சரிக்கை’, ‘கவனம்’ இரண்டும் மாறினால் காயத்தைச் சொல்லும் வார்த்தையைத் தெளிவாக்க வேண்டும். அந்தத் தொழிலாளிகளில் தமிழ் படிக்கத் தெரியாத வடமாநிலத்தார் இருந்தால் இதே சோதனையை அவர்களின் மொழியிலும் நடத்த வேண்டும். டையைச் சுற்றித் தடுப்பு இல்லாத பிரஸ்ஸில் ஸ்டிக்கர் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் அது தடுப்புக்கு மாற்றாகாது; ஐ.எஸ்.ஓ. 12100 வரிசைப்படி ஆபத்தை வடிவமைப்பிலேயே நீக்குவது முதல் படி, தடுப்பு அடுத்தது, எழுத்து மூன்றாவது.